பலகையில் படம் ஏன் ஒதுங்கி நிற்கிறது?

“ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டு சரியாக வேலை செய்யவில்லை. உடனே பார்க்கவும்.” பள்ளியின் கணினி ஒருங்கிணைப்பாளருக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளோடு நின்றுவிடுகின்றன. அவர் நேரம் கிடைக்கும்போது தன் லேப்டாப்பையும் தன் கேபிளையும் எடுத்துக்கொண்டு அந்த வகுப்புக்குப் போகிறார். இணைத்துப் பார்த்தால் படம் பலகை முழுவதும் அழகாக விரிகிறது. “போர்டு நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். மறுநாள் ஆசிரியை பாடம் நடத்தப் போனால் படம் மறுபடியும் சுருங்கி, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது.

இதில் பொய் சொன்னவர் யாருமில்லை. பழுது பலகையில் மட்டும் இருந்தால் யார் போய்ப் பார்த்தாலும் தெரிந்துவிடும். படம் சுருங்குவதும் நகர்வதும் பெரும்பாலும் லேப்டாப், கேபிள், பலகை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருகிறவை. அதில் ஒன்றை மாற்றிவிட்டுச் சோதித்தால் குறை ஒளிந்துகொள்ளும். குறை தெரியும்போது பக்கத்தில் இருப்பவர் ஆசிரியர்தான். அவர் கண்ணால் பார்த்ததையும் டேப்பால் அளந்ததையும் எழுதினால், ஒருங்கிணைப்பாளர் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எந்தப் பொருளைக் கையில் எடுத்து வரவேண்டும் என்று முடிவு செய்துவிடலாம்.

ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியைக்கு நேர்ந்ததை வைத்தே இதைப் பார்ப்போம். வகுப்பில் இருப்பது 75 அங்குலத் தொடுதிரைப் பலகை. அதன் ஒளிரும் பகுதி சுமார் 165 செ.மீ. அகலம், 93 செ.மீ. உயரம். லேப்டாப்பிலிருந்து சுவருக்குள் பதித்த ஒரு நீளமான வி.ஜி.ஏ. கேபிள் படத்தைக் கொண்டுபோகிறது. விரல் எங்கே பட்டது என்ற செய்தியை லேப்டாப்புக்குக் கொண்டுவர ஒரு யு.எஸ்.பி. கேபிள் தனியாக இருக்கிறது. கண்ணின் அமைப்பைக் காட்டும் படத்தைத் திறந்தால் இடப்பக்கம் எழுதியிருக்கும் உறுப்புகளின் பெயர்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன. நாலு பக்கமும் கறுப்பாக இருக்கிறது. விழித்திரையைத் தொட்டுக் கோடு போட்டால் கோடு வேறெங்கோ விழுகிறது.

அவர் முதலில் எழுத நினைத்தது “நாலு பக்கமும் கறுப்பு வருகிறது” என்றுதான். அப்படியே அனுப்பியிருந்தால் ஒருங்கிணைப்பாளர் தவறான இடத்தில் தேடியிருப்பார். மேலும் கீழும் தெரிந்த கறுப்பு, பலகையின் குறையால் வந்ததே அல்ல. இன்றைய ஸ்லைடுகள் பெரும்பாலும் 16க்கு 9 என்ற அகன்ற வடிவில் தயாராகின்றன. படம் வரும் பரப்பு குறுகி 4க்கு 3 ஆகிவிட்டால், அகன்ற ஸ்லைடு அதற்குள் அடங்குவதற்காக மேலும் கீழும் இடம் விட்டு நிற்கும். ஆகவே எதையும் அளப்பதற்கு முன் ஸ்லைடை மூடிவிட்டு, கம்ப்யூட்டரின் முகப்புத் திரைக்கு வரவேண்டும். முகப்புத் திரையின் பின்னணி இருட்டாக இருந்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. நோட்பேடைத் திறந்து முழுத்திரையாக்கினால் வெள்ளைப் பரப்பு விளிம்பு வரை போகும். அளவெடுக்க அது போதும்.

அடுத்து, எந்த அறிவும் தேவைப்படாத ஒரு சோதனை உண்டு. ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தி, பலகை தானே வரையும் மெனுவைப் பார்க்கவேண்டும். அந்த மெனு வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் வந்தால், பலகையின் திரை ஒழுங்காக இருக்கிறது. அதற்குள் வந்து சேரும் படம்தான் குறைபட்டது. மெனுவும் சேர்ந்து சுருங்கியிருந்தால் விஷயம் வேறு. சில பலகைகளில், உயரம் குறைந்த பிள்ளைகளுக்குக் கை எட்டுவதற்காகப் படத்தைச் சுருக்கிக் கீழே இறக்கும் வசதி இருக்கிறது. யாராவது தெரியாமல் கைபட்டு அதை இயக்கியிருக்கலாம். அப்போது அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாலே தீர்ந்துவிடும், கடிதமே தேவையில்லை. நம் ஆசிரியையின் பலகையில் மெனு இடம் மாறவில்லை.

பிறகு அவர் டேப் வைத்து அளந்தார். இடது பக்கக் கறுப்புப் பட்டை 20 செ.மீ., வலது பக்கம் 26 செ.மீ., நடுவில் தெரியும் படம் 119 செ.மீ. அகலம். உயரத்தில் குறையில்லை, முழு 93 செ.மீ. இருந்தது. இடது கீழ் மூலையில் இருக்கவேண்டிய ஸ்டார்ட் பொத்தான் கிட்டத்தட்ட முழுவதும் காணவில்லை.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் குறை ஒன்றல்ல, இரண்டு என்பது தெரிகிறது. 93 செ.மீ. உயரத்துக்கு 4க்கு 3 வடிவத்தில் படம் வந்தால் அகலம் 124 செ.மீ. இருக்கவேண்டும். அதை 165 செ.மீ. பலகையின் நடுவில் வைத்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 20 செ.மீ. மிஞ்சும். இடப்பக்கம் அந்த 20 இருக்கிறது. வலப்பக்கம் 5, 6 செ.மீ. கூடுதலாக இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் இடப்பக்கம் வெட்டுப்பட்டிருப்பதால், காணாமல் போன அந்த 5 செ.மீ. எங்கே என்பதும் தெரிந்துவிட்டது. அதாவது லேப்டாப் அனுப்புவது பழைய 4க்கு 3 படம். சுருக்கம் அதனால் வந்தது. அந்தப் படமும் 5 செ.மீ. இடப்பக்கம் சரிந்து நிற்கிறது, இது நகர்வு. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

சுருக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். திரையை லேப்டாப்பில் செருகியதும் திரை தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பை அனுப்பும்: நான் இன்ன திரை, எனக்குப் பொருத்தமான ரெசல்யூஷன், அதாவது அகலத்தில் இத்தனை பிக்சல், உயரத்தில் இத்தனை பிக்சல் என்று. அந்தக் குறிப்புக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட்தான். வி.ஜி.ஏ. இணைப்பு ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களோடு 1987-இல் வந்தபோது இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. திரைகளுக்கான தர விதிகளை வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல்தான் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வி.ஜி.ஏ. செருகியின் 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும் இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. நிறங்களைக் கொண்டுபோகும் கம்பிகள் தனி. அதனால் விலை மலிவான கேபிளிலோ நீட்டிப்புக் கேபிளிலோ இந்த இரண்டு கம்பிகள் விடுபட்டிருந்தாலும், ஊசி ஒன்று வளைந்திருந்தாலும் படம் வரத்தான் செய்யும். ஆனால் குறிப்பு வராது. அளவு சொல்லாமல் துணி மட்டும் கொடுத்தால் தையற்காரர் பொதுவான ஓர் அளவில் வெட்டுவதைப் போல, விண்டோஸ் ஆபத்தில்லாத பழைய அளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அது பெரும்பாலும் 1024க்கு 768 பிக்சல், சரியாக 4க்கு 3.

இது நடந்திருக்கிறதா என்று ஆசிரியரே பார்த்துவிடலாம். லேப்டாப்பில் Device Manager திறந்து Monitors என்ற வரியை விரித்தால், குறிப்பு வராத திரைக்கு Generic Non-PnP Monitor என்று பெயர் காட்டும். நடுவில் இருக்கும் அந்த Non-PnP என்பதே தடயம். இன்னொரு அடையாளமும் உண்டு. இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி வைத்திருந்தால், கேபிளைச் செருகியவுடன் லேப்டாப்பின் சொந்தத் திரையிலும் எழுத்துகளின் அளவு மாறிவிடும். அதுவும் அதே பழைய அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

இப்போது நகர்வு. எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒவ்வொரு பிக்சலும் எண்ணாகப் போகிறது. வரி எங்கே தொடங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. வி.ஜி.ஏ. அப்படியல்ல. அதில் ஒவ்வொரு வரியும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகப் போகிறது. வரிக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று நேரம் இருக்கும். அந்த வெற்று நேரம் எங்கே முடிந்து படம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பலகை ஊகித்துத்தான் பிடிக்கவேண்டும். ஊகம் சற்றுப் பிசகினால் படம் ஒரு பக்கம் வெட்டுப்படும், மறுபக்கம் அதே அளவுக்குக் கறுப்பாகும். இதைச் சரிசெய்யத்தான் ரிமோட்டிலோ படத்துக்கான மெனுவிலோ Auto Adjust அல்லது Auto என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் பலகை வெளிச்சமான விளிம்புகளைத் தேடிப் படத்தை அவற்றுக்குப் பொருத்தும். பலரும் இதை அழுத்திப் பார்த்துவிட்டு “பயனில்லை” என்கிறார்கள். கறுப்புப் பின்னணி உள்ள ஸ்லைடு திரையில் இருக்கும்போது அழுத்தினால் பலகைக்கு விளிம்பே கிடைக்காது. சரியாக இருந்ததையும் அது கெடுத்துவிடக்கூடும். முழுத்திரை வெள்ளை நோட்பேடை வைத்துக்கொண்டு அழுத்தவேண்டும்.

இனி விரல். ஆசிரியை பலகையின் மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்தார். படத்தின் இடது ஓரத்தருகே தொட்டால் சுட்டி சுமார் 10 செ.மீ. வலப்பக்கம் வந்தது. பலகையின் நடுவில் தொட்டால் 5 செ.மீ. இடப்பக்கம். படத்தின் வலது ஓரத்தருகே தொட்டால் 19 செ.மீ. இடப்பக்கம். மேலே கீழே எந்த வித்தியாசமும் இல்லை.

தாறுமாறாகத் தெரியும் இந்த எண்கள் உண்மையில் மிகவும் ஒழுங்கானவை. படம் நகர்ந்து மட்டும் இருந்தால் எங்கே தொட்டாலும் ஒரே திசையில் ஒரே அளவு பிசகு வரும். படம் சுருங்கியிருந்தால் ஓரங்களில் பிசகு கூடி, சுட்டி உள்நோக்கி வரும். இங்கே இடது ஓரத்தில் வலப்பக்கமும் வலது ஓரத்தில் இடப்பக்கமும் பிசகுகிறது, எனவே சுருக்கம் இருக்கிறது. இரண்டு ஓரத்துப் பிசகும் சமமாக இல்லை, நடுவிலும் 5 செ.மீ. மிச்சம் இருக்கிறது, எனவே நகர்வும் இருக்கிறது. டேப் சொன்ன அதே கதையை விரலும் சொல்கிறது. தொடுதிரையைப் பொறுத்தவரை 165 செ.மீ. முழுவதும் படம்தான். விரல் பலகையின் பாதியில் பட்டால், படத்தின் பாதிக்குச் சுட்டியை அனுப்பு என்று யு.எஸ்.பி. கேபிள் வழியே சொல்கிறது. படம் குறுகிப்போனது அதற்குத் தெரியாது. தொடுபகுதியில் பழுதே இல்லை.

பள்ளிகளில் அதிகம் நடக்கும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. விரல் பிசகுகிறது என்று கேட்டவுடன் கேலிபரேஷன் செய்துவிடுகிறார்கள். திரையில் வரும் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் சுட்டி விரலுக்குக் கீழே வந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சுருங்கிய படத்துக்கு ஏற்பத் தொடுதலையும் வளைத்துவிட்டோம். பின்னொரு நாள் கேபிள் மாறிப் படம் முழு அளவுக்கு வந்ததும் தொடுதல் மறுபடி பிசகும்; அப்போது ஏன் என்று யாருக்கும் புரியாது. படத்தை முழுமையாகச் சரிசெய்யும் வரை கேலிபரேஷனைத் தொடவே கூடாது. படம் சரியானால் பெரும்பாலும் அதற்குத் தேவையும் இருக்காது.

இன்னொரு குறுக்குவழி, பலகையின் மெனுவில் படத்தை Full என்று மாற்றி இழுத்து விரிப்பது. கறுப்புப் பட்டை மறைந்துவிடும், தொடுதலும் ஏறக்குறையச் சரியாகும். ஆனால் 4க்கு 3 படத்தை 16க்கு 9 ஆக இழுக்கும்போது அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 30 செ.மீ. உயரமுள்ள வட்டம் 40 செ.மீ. அகலத்துக்கு நீண்டு முட்டை வடிவமாகும். சதுரம் செவ்வகமாகும். வட்டமும் கோணமும் நடக்கும் வகுப்பில் இதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கும் படம் பாடத்துக்கு எதிராகப் பேசும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஆசிரியை எழுதிய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் உள்ள 75 அங்குல ஸ்மார்ட் போர்டில் படம் சுருங்கி இடப்பக்கமாக நகர்ந்து தெரிகிறது. என் லேப்டாப், சுவரில் பதித்த வி.ஜி.ஏ. கேபிள் வழியாக இணைக்கப்பட்டுள்ளது. சென்ற வாரம் மேசையை இடம் மாற்றிய பிறகு இந்தக் குறை தொடங்கியது. அதற்கு முன் இதே லேப்டாப்பில் படம் முழு அளவில் வந்தது.

முகப்புத் திரையில் அளந்தேன். இடப்பக்கக் கறுப்பு 20 செ.மீ., வலப்பக்கம் 26 செ.மீ., படத்தின் அகலம் 119 செ.மீ., உயரம் முழுமையாக உள்ளது. இடது ஓரம் வெட்டுப்பட்டு ஸ்டார்ட் பொத்தான் தெரியவில்லை. போர்டின் மெனு சரியான இடத்தில் வருகிறது. இடது ஓரத்தில் தொட்டால் சுட்டி 10 செ.மீ. வலப்பக்கமும், நடுவில் 5 செ.மீ. இடப்பக்கமும், வலது ஓரத்தில் 19 செ.மீ. இடப்பக்கமும் விழுகிறது. மேல் கீழ் பிசகு இல்லை.

லேப்டாப்பில் ரெசல்யூஷன் 1024 x 768 என்று உள்ளது. Device Manager-இல் Generic Non-PnP Monitor என்று காட்டுகிறது. கேலிபரேஷன் எதுவும் செய்யவில்லை, போர்டின் அமைப்புகளையும் மாற்றவில்லை. போர்டின் முகப்பையும் மெனுவையும் படம் எடுத்து இணைத்துள்ளேன்.

தாங்கள் வரும்போது, நன்றாக வேலை செய்யும் சிறிய வி.ஜி.ஏ. கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து, என் லேப்டாப்பையே நேரடியாகப் போர்டில் இணைத்துப் பார்க்க வேண்டுகிறேன். திங்கள், புதன் மூன்றாம் பாடவேளையில் வகுப்பு காலியாக இருக்கும்.

நன்றி.”

இதில் “மேசையை இடம் மாற்றிய பிறகு” என்ற சொற்கள் எந்த அளவுக்கும் குறையாத மதிப்புள்ளவை. நேற்று வரை சரியாக இருந்த ஒன்று கெட்டிருந்தால், இடையில் எது அசைந்தது என்பதில்தான் விடை இருக்கும். “எதையும் மாற்றவில்லை” என்று எழுதியதும் அப்படியே. எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று தெரிந்தால் வருகிறவர் முந்தைய கைவேலையைப் பிரித்துக்கொண்டு உட்காரவேண்டியதில்லை. புகைப்படத்தை நேருக்கு நேர் நின்று, பலகையின் நாலு சட்டமும் தெரியும்படி எடுக்கவேண்டும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் சரியான படமும் சரிந்தே தெரியும்.

ஒருங்கிணைப்பாளர் அதே லேப்டாப்பைச் சிறிய கேபிளில் இணைத்தார். Device Manager-இல் பெயர் மாறியது, விண்டோஸ் தானாகவே 1920 x 1080-க்குப் போனது, கறுப்புப் பட்டைகள் மறைந்தன. நோட்பேடை விரித்து Auto Adjust கொடுத்ததும் மிச்சமிருந்த சிறு நகர்வும் போனது. விரலுக்குக் கீழேயே சுட்டி வந்தது. சுவர்க் கேபிளின் செருகியைக் கழற்றிப் பார்த்தபோது, கீழ் வரிசையில் ஓர் ஊசி மடங்கிப் படுத்திருந்தது. மேசை நகர்ந்தபோது செருகி கோணலாக இழுபட்டிருக்கிறது.

ஆசிரியை இத்தனை பாடுபட்டது கறுப்புப் பட்டையின் அழகுக்காக அல்ல. 165 செ.மீ. அகலத்தில் வரவேண்டிய ஸ்லைடு 124 செ.மீ.க்குள் அடங்கும்போது அதன் பரப்பு பாதியைவிடச் சற்று அதிகம்தான் மிஞ்சுகிறது. 4 செ.மீ. உயரமுள்ள எழுத்து 3 செ.மீ. ஆகிவிடுகிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாலும், “கார்னியா” என்ற சொல்லைப் படிக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள். அந்தப் பிள்ளைக்காக ஒரு டேப்பை எடுத்து அளப்பது பெரிய வேலையில்லை.

இதே வழி எல்லாப் பலகைக்கும் பொருந்தாது. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் நாலு பக்கமும் சமமாக மெல்லிய கறுப்பு வந்தால், லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்கும் ஸ்கேலிங் அளவைப் பார்க்கவேண்டும். புரொஜெக்டர் வைத்த பழைய வகைப் பலகையில் படம் செவ்வகமாக இல்லாமல் ஒரு பக்கம் உயரமாக, மறுபக்கம் குட்டையாக இருந்தால் புரொஜெக்டரே அசைந்திருக்கிறது. அதை மறுபடி நேராக நிறுத்தியபின் அங்கே கேலிபரேஷன் கட்டாயம் தேவை. கடிதத்தில் பலகையின் வகையையும் கேபிளின் வகையையும் முதல் வரியிலேயே சொல்லவேண்டும் என்பது இதனால்தான்.

சுவரில் பதித்த கேபிளை உடனே மாற்ற முடியாத பள்ளிகளும் இருக்கும். அதுவரை லேப்டாப்பின் Advanced display பக்கத்திலிருந்து திரை அட்டையின் பண்புகளைத் திறந்து, List All Modes என்பதில் 1920 x 1080, 60 ஹெர்ட்ஸ் இருந்தால் கையாலேயே தேர்ந்தெடுக்கலாம். படம் பதினைந்து விநாடிக்குள் வராவிட்டால் விண்டோஸ் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும், பயப்பட வேண்டியதில்லை. வந்துவிட்டால் Auto Adjust கொடுக்கவேண்டும். லேப்டாப்பிலும் பலகையிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், இருக்கையைச் சற்று நகர்த்தி நேரடியாக ஒரு சிறு கேபிள் போட்டுவிடுவது இதைவிட நல்லது. அதில் நகர்வுக்கு வாய்ப்பே இல்லை. யு.எஸ்.பி. கேபிளை மட்டும் கழற்றாமல் விடவேண்டும், தொடுதல் அதன் வழியாகத்தான் வருகிறது.